பத்து ரூபாய் அதிகம்

நான் இருபத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவன். ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடுகிற ஆள் என்று அங்கே எனக்குப் பெயர். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்களா என்று நான் விசாரித்ததில்லை. கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பணத்தைப் போட்டு மேனாம்பேடு ரோட்டில் ஒரு டிபன் கடை திறந்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்து மதியம் மூன்றுக்கு மூடுகிற கடை. இட்லி, தோசை, பொங்கல், மதியத்துக்கு நாலு வகை சாதம். எனக்குச் சமைக்கத் தெரியாது, பரிமாறத் தெரியாது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசவும் அவ்வளவாக வராது. கணக்கு என் கையில் இருக்கிறது, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தானாக நடக்கவில்லை. நடத்தியவர் கல்லாவில் வேலைக்கு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. கடை திறந்த முதல் வாரத்திலிருந்து, நாலு வருடமாக அவர்தான் கல்லா. நெமிலிச்சேரியிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பார், பில் மிஷினில் அடிப்பார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், மீதிச் சில்லறையை எண்ணாமலே சரியாகக் கொடுப்பார். கல்லாவுக்குப் பக்கத்திலேயே சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல் உண்டு. பார்சல் வாங்குகிறவர்கள் வெளியே சந்தில் நின்றபடி அதன் வழியாகச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். இரண்டு பக்கத்தையும் அவர் ஒருவரே பார்த்தார். நான் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து மேற்பார்வை செய்தேன்.

எல்லாரும் போனில் பணம் போட ஆரம்பித்த பிறகும் நான் கொஞ்ச நாள் வீம்பாக இருந்தேன். காசு என்றால் கையில் வாங்க வேண்டும், எண்ண வேண்டும். ஆனால் "ஸ்கேனர் இல்லியா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும். சரி, நாமும் ஒன்று வைப்போம் என்று என் போனில் முயற்சி செய்தேன். வங்கியில் நான் கொடுத்திருந்தது கம்பெனி தந்த பழைய நம்பர். கம்பெனியோடு அதுவும் போய்விட்டது. வங்கிக்குத் தெரிந்த நம்பரும் போனில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த ஆப் உள்ளேயே விடாது. வங்கிக்குப் போய் நம்பரை மாற்ற வேண்டும். அதற்கு அரை நாள் கடையை விட வேண்டும். நான் இல்லாமல் கடை எப்படி ஓடும்?

அதனால் மனைவியின் போனில் போட்டேன். அவள் கணக்கும் நம்பரும் சரியாக இருந்தன. அவள் சும்மா விடவில்லை. என் போனில் எதற்கு, யார் யாரோ பணம் போடுவார்களா என்று கேட்டாள். காரியம் ஆக வேண்டுமே என்று, "வர்றதெல்லாம் உன் கணக்குலதானே விழப்போகுது, வச்சுக்கோயேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன தாராளமான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். சொன்ன உடனே மறந்தும் போனேன்.

அவள் ஆப்பில் வந்த கியூஆர் படத்தை ஜெராக்ஸ் கடையில் கலரில் இரண்டு பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டேன். ஒன்றைக் கல்லா மேஜையில் ஒட்டினேன். இன்னொன்றைச் சந்துப் பக்கம் போய், பார்சல் ஜன்னலுக்கு வெளியே சுவரில், மழையில் போகாமல் இருக்க நாலு பக்கமும் டேப் போட்டு அழுத்தி ஒட்டினேன். நான் செய்த வேலைகளில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான்.

அந்த ஏற்பாடு இரண்டு வாரம் ஓடியது. பணம் வந்ததா என்று தெரிய வேண்டுமானால் போன் வேண்டும். போன் வீட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மனைவியைக் கூப்பிட்டு, நாற்பது ரூபாய் வந்ததா என்று கேட்பேன். மூன்று நாற்பது வந்திருக்கிறது, எந்த நாற்பது என்பாள். துணி துவைக்கும்போது எடுக்க மாட்டாள். பணம் போட்டவர் தோசையை முடித்துவிட்டுக் கையையும் கழுவிவிட்டு, நான் போகலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருப்பார்.

பிறகு ஒரு நாள் பைக்கில் ஒரு பையன் வந்தான். கடைக்காரர்களுக்கென்று தனியாக ஸ்கேனர் கொடுக்கிற கம்பெனியின் ஆள். இதற்குள் நான் ஒரு வழியாக வங்கிக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டிருந்தேன். நான் இல்லாத அந்த அரை நாள் கடை நன்றாகவே ஓடியிருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பையன் என் பான் கார்டையும் பாஸ் புக்கையும் படம் எடுத்தான், கடை வாசலில் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தான். மேஜையில் வைக்க ஒரு அட்டை ஸ்டாண்ட், ஒட்ட ஒரு ஸ்டிக்கர், பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்கிற ஒரு பெட்டி ஆகியவற்றைத் தந்தான். கல்லா மேஜையில் இருந்த பழைய அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேறு எங்கேயாவது ஒட்டியிருக்கிறீர்களா சார் என்று கேட்டான். இல்லை, இது ஒன்றுதான் என்றேன். கணக்கு எழுதியவனுக்குத் தன் ஞாபகத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை அப்படி.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். முறை சுலபம். பில் மிஷின் காட்டுகிற அன்றைய மொத்த விற்பனை ஒரு பக்கம். கல்லாவில் இருக்கிற ரொக்கத்தில் காலையில் வைத்த ஆயிரம் ரூபாய்ச் சில்லறையைக் கழித்து, பாலுக்கும் இலைக்கும் தண்ணீர் கேனுக்கும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கூட்டி, அதோடு ஆப் காட்டுகிற அன்றைய தொகையையும் சேர்த்தால் மறுபக்கம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் மிஷினில் ரொக்கத்துக்கு ஒரு பொத்தானும் ஆன்லைனுக்கு ஒரு பொத்தானும் உண்டு. பார்த்து அழுத்தட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். கூட்டத்தில் மாற்றி அழுத்திக் குழப்புவீர்கள், எல்லாவற்றையும் ரொக்கம் என்றே அடியுங்கள், மூன்று மணிக்கு ஆப்பைப் பார்த்து நான் பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். போனி கைக்காசாக இருக்க வேண்டும். காலையில் விழுகிற முதல் காசு நோட்டாகவோ நாணயமாகவோ இருக்க வேண்டும், அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். போனில் வருகிற பணத்தை எங்கே கண்ணில் ஒற்றுவது? அவர் சரி சார் என்றார்.

முதல் வாரம் கணக்கு பயங்கரமாக உதைத்தது. ஆப்பில் இருந்த தொகை ஒன்று, வங்கியில் விழுந்தது ஒன்று. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தேன். இன்றைக்கு ஸ்கேன் ஆகிற பணத்தையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து மறுநாள்தான் வங்கியில் போடுகிறார்கள். நான் இன்றைய விற்பனையை நேற்றைய பணத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் நூறு ரூபாய்க்கு மேல் குறைந்தது. பேசும் பெட்டிக்கு மாத வாடகை, வந்த பணத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் கண்டுபிடித்த பெருமையில் மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

அதற்குப் பிறகும் உதைத்தது. ஒரு நாள் எழுபது, ஒரு நாள் நூற்று முப்பது, ஒரு நாள் நாற்பது. பெரிய தொகை இல்லை. பெரிய தொகையாக இருந்திருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன். சின்னச் சின்னதாக, தினம் ஒரு தினுசாகக் குறைந்ததுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. வங்கிக் குழப்பத்தைக் கண்டுபிடித்தாயிற்று, வாடகையைக் கண்டுபிடித்தாயிற்று, இனி மிச்சம் இருப்பது மனிதக் கைதானே என்று முடிவு கட்டினேன். என் கண் கல்லாவின் மேல் போனது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் அந்த அம்மாவே என்னிடம் வந்து சொன்னார். பார்சல் பக்கம் சில பேர் பணம் போட்டுவிட்டுப் போனைக் காட்டுகிறார்கள், பச்சை டிக் தெரிகிறது, ஆனால் பெட்டி பேச மாட்டேன் என்கிறது என்றார். நான் அவரைப் பார்த்துப் பொறுமையாக, நெட்வொர்க் பிரச்சினை, கொஞ்ச நேரம் கழித்து ஏறிவிடும் என்று விளக்கினேன். எனக்கு அந்த வார்த்தையை விட்டால் வேறு காரணம் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் எனக்கு இணை கிடையாது.

இரண்டு நாள் மட்டும் குறைவதற்குப் பதிலாகப் பத்து ரூபாய் அதிகம் வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டேன். பயம் வந்துவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடுகிறார் என்று நினைத்தேன். ஒரு மனிதன் மனதில் இவ்வளவு சின்னத்தனம் இருக்கும் என்று நோட்டில் கோடு போட்டபோது எனக்கே தெரியாது.

மாதக் கடைசியில், ஞாயிறு போக இருபத்தாறு நாள் கணக்கையும் கூட்டினேன். அதிகம் வந்ததைக் கழித்துக்கொண்டு, நிகரமாக இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய் குறைவு. சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். கடை மூடி எல்லாரும் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம். தோசை மாஸ்டர் இருந்தார், பரிமாறுகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி அந்த அம்மாவின் தெருக்காரி. தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். தனியாகப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

"நாளையிலிருந்து நீங்க உள்ளே காய் நறுக்குங்கம்மா. கல்லாவுல நான் உட்கார்றேன்" என்றேன். மாதம் முழுக்கக் கணக்கு குறைகிறது, யாரையும் தப்பாகச் சொல்லவில்லை, ஒரு முறைக்காகத்தான் என்றும் இழுத்தேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நா எடுத்தேன்னு சொல்றீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றேன். அதைவிடக் கோழைத்தனமான பதில் கிடையாது. எடுத்தீர்கள் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

பரிமாறுகிற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். இந்தப் பேச்சு சாயங்கால ரயில் நெமிலிச்சேரியில் நிற்பதற்குள் தெரு முழுக்கப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நா இப்ப வேலய வுட்டுப் போனா, எடுத்துட்டுதான் போயிட்டான்னு ஆயிடும். அதனால போமாட்டேன் சார். உங்க கணக்கு இன்னா ஆச்சுன்னு தெரியற வரிக்கும் உள்ளயே வெங்காயம் நறுக்கினு கீறேன். தெரிஞ்சா இவுங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க."

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கல்லாவில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு தொழிலாளி. இரண்டு இட்லி, ஒரு வடை கேட்டுவிட்டுப் போனை நீட்டினார். போனி ஆகவில்லை, காசாகக் கொடுங்கள் என்றேன். காசு இல்லை என்றார். பக்கத்தில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். போனவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் இங்கிருந்தே பார்த்தேன். தோசை மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து, குனிந்துகொண்டார்.

அன்று மூன்று மணிக்கு நோட்டைத் திறந்து எண்ணினேன். எண்பது ரூபாய் குறைந்தது. மறுபடி எண்ணினேன். மேஜைக்கு அடியில் பார்த்தேன், டிராயரைக் கழற்றிப் பார்த்தேன். கல்லாவை விட்டு நான் எழுந்ததே இல்லை. யார் எடுத்திருக்க முடியும்? கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பாக்கெட்டிலிருந்து எண்பது ரூபாயை எடுத்துக் கல்லாவில் போட்டு, நோட்டில் 'சரி' என்று எழுதினேன். இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் செய்த முதல் பொய்க் கணக்கு அது. மறுநாள் அறுபது குறைந்தது. அதையும் போட்டேன். உள்ளே கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை பார்சல் ஜன்னலில் ஒரு செக்யூரிட்டி வந்து நின்றார். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் இரவுக் காவல் முடித்துவிட்டுத் தினமும் பொங்கல் பார்சல் வாங்குகிறவர். பணம் போட்டுவிட்டேன் என்றார். பெட்டி பேசவில்லை. பெட்டி சொல்லாமல் பார்சல் தர முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

"இன்னா நைனா, தெனமும் வாங்கறவன் நானு. துட்டு பூட்ச்சி, பாரு. அந்தக்கா பேருதான் வந்துகீது." போனை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நீட்டினார்.

பச்சை டிக் இருந்தது. நாற்பது ரூபாய் இருந்தது. யாருக்குப் போனது என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வாசல் வழியாகச் சுற்றிச் சந்துக்குப் போனேன். நாலு பக்கமும் டேப் போட்டு நான் அழுத்தி ஒட்டியிருந்த அட்டை வெயிலில் கொஞ்சம் வெளுத்துப்போய், அப்படியே சுவரில் இருந்தது. மேஜை மேல் இருந்த புது ஸ்டாண்டைப் பெரும்பாலானவர்கள் ஜன்னல் வழியாகவே ஸ்கேன் செய்துவிடுவார்கள். கூட்டத்தில் எட்டாதவர்கள் மட்டும் முகத்துக்கு நேரே சுவரில் இருக்கிறதை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதனால்தான் தினமும் இரண்டு பேர், மூன்று பேர். இந்த செக்யூரிட்டி கல்லாவில் இருந்த அம்மாவை ஒரு நாள் என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், அது என் பேர் இல்லீங்க என்று அவர் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் போனைக் கேட்டேன். கடைப் பணம் உன் கணக்கில் விழுந்திருக்கிறதே, ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கதானே வச்சுக்கோன்னு சொன்னீங்க. பெரிய மெஷின் வந்ததும் வர்றது கொறஞ்சு போச்சு. சரி, எனக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி அனுப்பறார், இவருக்கும் புத்தி வந்துச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்."

அந்த மாதம் அவள் பால் காசு கேட்கவில்லை, காய்கறிக்குக் கேட்கவில்லை. வீட்டுச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று நான் எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. சபாஷைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

இருவருமாக உட்கார்ந்து வங்கி அனுப்பிய மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டினோம். அந்த அம்மா கல்லாவில் இருந்த இருபத்தாறு நாளுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வந்தது. நான் கல்லாவில் இருந்த இரண்டு நாளைக்குத் தனியாகப் பார்த்தேன். எண்பது, அறுபது. ஒரு ரூபாய் பிசகில்லை.

என் இரண்டு நாள் சரியாக இருந்தது. அவருடைய இருபத்தாறு நாள் சரியாக இல்லை. குறைந்தது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. கிடைத்தது இரண்டாயிரத்து நானூறு. தொண்ணூறு ரூபாய் கூடுதல். கிடைத்தவரைக்கும் லாபம் என்று விட வேண்டியதுதானே என்றாள் மனைவி. எனக்கு விட முடியவில்லை. கணக்கு எழுதியவனுக்கு இது தெரியாமல் இருக்காது. குறைந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும், கூடினால் யாரோ போட்டிருக்க வேண்டும். நான் ஒரு மாதமாக முதல் பாதியை மட்டும் தேடியிருந்தேன்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன் உள்ளே போனேன். மாஸ்டர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிற பெண்கள் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதை மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது, வெளியே ஒட்டின அட்டையை நான்தான் மறந்தேன், பணம் என் வீட்டுக்கே போயிருக்கிறது, உங்களை எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நான் கல்லாவில் இருந்தபோதும் பணம் குறைந்தது, பாக்கெட்டிலிருந்து போட்டு மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மாஸ்டர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்த அம்மா தன் தெருக்காரப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்று அர்த்தம். பிறகு என்னிடம், "அப்ப கணக்கு வந்துச்சா சார்?" என்றார்.

வந்துவிட்டது, ஆனால் தொண்ணூறு ரூபாய் அதிகம் இருக்கிறது, அதுதான் புரியவில்லை என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "ஒம்பது நாளு இருக்கும் சார். காத்தால மொத ஆளு போன்ல போடறேன்னு நிப்பாரு. நீங்க போனி கைக்காசா இருக்கணும்னு சொல்லிட்டீங்க. வந்த மொத ஆள தொரத்தவும் மனசு வர்ல. அதான் என் பர்ஸுலேர்ந்து பத்து ரூவா எடுத்து கண்ணுல ஒத்திப் போட்டுட்டு, அவர ஸ்கேன் பண்ணச் சொல்லிடுவேன்."

கடை மூடும்போது அதைத் திருப்பி எடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"போனி காச யாராச்சும் திருப்பி எடுப்பாங்களா சார்" என்றார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பயந்து போய்த் திருப்பிப் போடுகிறார் என்று நான் சிரித்துக்கொண்ட இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் சுவர் அட்டையை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, அதனால் அந்தப் பத்து ரூபாய் தனியாகத் தெரிந்திருக்கிறது. மற்ற ஏழு நாள் குறைவுக்குள் மறைந்துபோயிருக்கிறது. திருடுகிறார் என்று நான் எழுதிய அதே நோட்டில், அதே பக்கத்தில், அவர் என் கடைக்குக் காசு போட்டிருக்கிறார். தொண்ணூறு ரூபாயைக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம், போனி காசு என்றார். சாவியை நீட்டினேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இனிமேல் ரொக்கத்துக்கு ரொக்கப் பொத்தான், ஆன்லைனுக்கு ஆன்லைன் பொத்தான் என்று நடந்துகொண்டே சொன்னேன். அதைத்தான் நான் அன்றைக்கே கேட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தோம். முதல் ஆள், நான் எதிர்க்கடைக்கு அனுப்பிய அதே தொழிலாளி. கல்லாவில் அந்த அம்மாவைப் பார்த்ததும்தான் உள்ளே வந்தார் என்று நினைக்கிறேன். இரண்டு இட்லி, ஒரு வடை. போனை நீட்டினார். அந்த அம்மா பில்லை அடிக்காமல் என்னைப் பார்த்தார். இந்த முறை போனி விஷயத்தில் முடிவு எடுக்க வேண்டியது நான்.

நான் அவசரமாகச் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டேன். போன் இருந்தது. பேன்ட் பாக்கெட்டில் பார்த்தேன். வண்டிச் சாவி இருந்தது. கைக்காசுதான் காசு என்று ஊருக்குச் சட்டம் போட்டவன் கையில் பத்து ரூபாய் இல்லை. கல்லாவுக்குள் போட்டு மறைத்த அந்த நூற்று நாற்பதோடு என் சில்லறையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

அவர் தன் பர்ஸைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். பிறகு என் நீள நோட்டை எடுத்து, பேனாவோடு என் முன்னால் நகர்த்தினார்.

"இத மட்டும் எழுதிடுங்க சார்."

பெட்டி நாற்பது ரூபாய் வந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னது. நான் நின்றபடியே எழுதினேன். போனி, ரொக்கம், ரூபாய் பத்து. யாருடையது என்ற இடத்தில், நாலு வருடத்தில் முதல் தடவையாக, அவர் பெயரை என் கணக்கில் எழுதினேன்.